சப்ளையர் இன்வாய்ஸ் நிலுவை: மேலாளரைச் சிசியில் சேர்த்த மடலை எப்படி முடிப்பது?

கேள்வி: எங்கள் சப்ளையர் ஒருவரின் 2025 மார்ச் இன்வாய்ஸ் எங்களுக்குக் கிடைக்க வேண்டிய வரி வரவைக் காட்டும் ஜிஎஸ்டி அறிக்கையான GSTR-2Bயில் இன்னும் வரவில்லை. அவர்களுடைய கணக்காளருக்குப் பலமுறை மெயில் போட்டும் முடிவு தெரியவில்லை. இந்த முறை எங்கள் நிதி மேலாளரையும் சிசியில் சேர்க்கப் போகிறேன். பல வருடப் பழக்கமுள்ள சப்ளையர். குற்றம் சாட்டுவது போல இல்லாமல் கடைசிப் பத்தியை எப்படி எழுதி முடிப்பது?

பதில்:

நிதி மேலாளரின் பெயர் இந்த மடலில் ஏன் வந்திருக்கிறது என்பதற்கு உங்கள் கடைசிப் பத்தி வெளிப்படையாக விடை சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால், எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாலும், அந்தக் கணக்காளர் தன்மீது புகார் போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார். அதன்பின் அவர் எழுதும் பதில் இன்வாய்ஸைப் பற்றியதாக இருக்காது. தன்னைக் காத்துக்கொள்வதற்கானதாக இருக்கும். ஆகவே பணிவான சொற்களைத் தேடுவதைவிட, உங்களுக்கு எது தெரியும், அவரிடம் எது வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும், அந்தத் தேதி எங்கிருந்து வந்தது, மேலாளருக்கு இதில் என்ன வேலை என்ற வரிசையில் விஷயத்தை அடுக்குவது அதிகப் பலன் தரும். வரிசை சரியாக இருந்தால் தொனி பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

முதலில், உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது எவ்வளவு என்று பாருங்கள். "தாங்கள் இந்த இன்வாய்ஸைத் தாக்கல் செய்யவில்லை" என்று எழுதினால், உங்களால் பார்க்க முடியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறீர்கள். உங்கள் GSTR-2Bயில் அந்த இன்வாய்ஸ் தெரியவில்லை என்பது மட்டுமே உங்களுக்குத் தெரியும். அதற்குக் காரணங்கள் பல உண்டு. அவர்கள் அதை விட்டே போயிருக்கலாம். உங்கள் ஜிஎஸ்டி எண்ணைத் தட்டச்சு செய்யும்போது தவறியிருக்கலாம். உங்கள் நிறுவனத்துக்கு வேறு மாநிலத்தில் கிளை இருந்தால், அந்தக் கிளையின் எண்ணில் ஏற்றியிருக்கலாம். பதிவு பெறாத வாடிக்கையாளருக்கு விற்றதாகக் கணக்கில் போயிருக்கலாம். அப்படியானால் அவர்கள் அரசுக்கு வரியைச் செலுத்தியே இருப்பார்கள், உங்களுக்கு மட்டும்தான் அது வந்து சேர்ந்திருக்காது. வரியை ஒழுங்காகக் கட்டிய ஒருவரிடம், உங்கள் மேலாளர் பார்க்கும் மடலில், கட்டவில்லை என்று சொல்லிவிட்டால் அந்தப் பழக்கத்தை மீட்பது எளிதல்ல. எனவே முடிவுரையின் முதல் வாக்கியத்துக்கு எழுவாய் "தாங்கள்" அல்ல, இன்வாய்ஸ்தான்: "இன்ன எண்ணுள்ள இன்வாய்ஸ், இன்ன நாள் வரை எங்கள் GSTR-2Bயில் தெரியவில்லை."

இதோடு உங்கள் பக்கம் நீங்கள் சரிபார்த்தவற்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். மார்ச் மாதத்தின் GSTR-2Bயை மட்டும் பார்த்துவிட்டு வரவில்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு. சப்ளையர் அதைத் தன் விற்பனை ரிட்டர்னான GSTR-1இல் ஜூன் மாதத்துக்குக் காட்டியிருந்தால் அது ஜூன் மாத GSTR-2Bயில்தான் வந்திருக்கும். சமீபத்திய மாதம் வரை ஒவ்வொன்றையும், கிளைகளின் எண்களையும், இன்வாய்ஸ் எண் சற்று மாறிப் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகே மேலாளரைச் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் அனுப்பிய மடலுக்கு, சப்ளையர் ஜூன் மாதப் பக்கத்தைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டால், மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

அடுத்தது தேதி. மடல் மிரட்டலாகத் தோன்றுவதும் தோன்றாததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. "மூன்று நாட்களுக்குள் பதில் அளிக்கவும்" என்பது நீங்கள் விதித்த கெடு. உங்கள் கோபத்தின் அளவாகவே அது படிக்கப்படும். உங்கள் விஷயத்திலோ சட்டமே ஒரு தேதியைக் கொடுத்திருக்கிறது. 2024-25 நிதியாண்டின் இன்வாய்ஸ்களுக்கு உள்ளீட்டு வரி வரவை எடுப்பதற்கான கடைசி நாள் 30.11.2025; ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்த நாளோடு வாய்ப்பு முடிந்துவிடும். சப்ளையர் தன் GSTR-1இல் விடுபட்டதையும் தவறாகப் போனதையும் சரிசெய்வதற்கும் இதே நவம்பர் 30தான் எல்லை. இருவரையும் ஒரே தேதி கட்டுப்படுத்துவதால், அதைச் சொல்லும்போது நீங்கள் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள்.

ஆனால் நவம்பர் 30 என்று மட்டும் எழுதினால் போதாது, ஏனென்றால் நடைமுறையில் கதவு அதற்கு முன்பே மூடிவிடுகிறது. மாதந்தோறும் தாக்கல் செய்யும் சப்ளையர் அக்டோபர் மாத GSTR-1ஐ நவம்பர் 11க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதில் இந்த இன்வாய்ஸ் இருந்தால் நவம்பர் 14 அன்று உருவாகும் உங்கள் GSTR-2Bயில் வரும். அதை வைத்து நீங்கள் நவம்பர் 20க்குள் தாக்கல் செய்யும், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்னான GSTR-3Bயில் வரவை எடுக்கலாம். நவம்பர் மாத GSTR-1 டிசம்பரில்தான் தாக்கலாகும் என்பதால், அதில் சேர்ப்பது காலங்கடந்ததாகிவிடும். ஐந்து கோடி ரூபாய்க்குள் விற்றுமுதல் உள்ள சிறிய சப்ளையர் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அவருடைய GSTR-1 ஜனவரியில்தான் வரும். அக்டோபர் மாத இன்வாய்ஸ்களை நவம்பர் 13க்குள் IFF என்ற வசதியில் ஏற்றினால்தான் உங்களுக்கு நேரத்தில் தெரியும். பல சிறிய நிறுவனங்கள் அந்த வசதியைப் பயன்படுத்துவதே இல்லை. அவர் மாத முறையா காலாண்டு முறையா என்பதை ஜிஎஸ்டி தளத்தில் பார்த்துவிட்டு, அதற்கேற்ற தேதியை எழுதுங்கள்.

இப்போது மேலாளருக்கான வாக்கியம். "தங்கள் கவனத்திற்காக நிதி மேலாளரையும் இணைத்துள்ளேன்" என்பது எல்லோரும் எழுதுவது; அது எதையும் விளக்குவதில்லை, எனவே புகார் என்றே படிக்கப்படுகிறது. மேலாளர் எடுக்க வேண்டிய ஒரு முடிவு உண்மையிலேயே இருக்க வேண்டும், அதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். உங்கள் விஷயத்தில் அப்படி ஒன்று இருக்கிறது: இந்த வரித் தொகையை அக்டோபர் ரிட்டர்னில் வரவாக எடுப்பதா, கிடைக்காது என்று செலவில் தள்ளுவதா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். அப்படி ஒரு முடிவு அவர் கையில் இல்லையென்றால், என் கருத்தில் அவரைச் சேர்க்கவே கூடாது. அழுத்தம் கொடுப்பதற்காக மட்டும் சேர்க்கப்பட்ட பெயரை எந்த வாக்கியத்தாலும் மென்மையாக்க முடியாது.

சப்ளையரின் உரிமையாளரை இந்தக் கட்டத்தில் சிசியில் சேர்க்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மேலாளரைச் சேர்த்தால், உங்கள் அலுவலகத்தில் இந்த விஷயம் ஒரு படி மேலே போயிருக்கிறது என்று பொருள். அவருடைய முதலாளியைச் சேர்த்தால், அந்தக் கணக்காளரின் வேலையைப் பற்றி அவருடைய முதலாளியிடம் சொல்கிறீர்கள் என்று பொருள். முடிவுரை எவ்வளவு நயமாக இருந்தாலும் அது மாறாது.

இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு முடிவுரையை எழுதிக் காட்டுகிறேன். இன்வாய்ஸ் மதிப்பு ரூ. 4,20,000, அதற்கு 18 சதவீத வரி ரூ. 75,600, மடல் அனுப்பும் நாள் 2025 அக்டோபர் 27 திங்கட்கிழமை, சப்ளையர் மாதந்தோறும் தாக்கல் செய்பவர் என்று வைத்துக்கொள்வோம்.

> மேற்கண்ட இன்வாய்ஸ் (எண் 1187, நாள் 12.03.2025, வரி ரூ. 75,600) 14.10.2025 அன்று உருவான GSTR-2B வரை எங்கள் ஜிஎஸ்டி எண்ணில் தெரியவில்லை. மார்ச் முதல் செப்டம்பர் வரையிலான எல்லா மாதங்களையும் எங்கள் கிளையின் எண்ணையும் சரிபார்த்துவிட்டோம். எங்கள் பார்வையில் ஏதேனும் விடுபட்டிருந்தால் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன்.
>
> இந்த இன்வாய்ஸ் எந்த மாத GSTR-1இல், எந்த ஜிஎஸ்டி எண்ணில் பதிவாகியுள்ளது என்பதை 31.10.2025 வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். பதிவில் விடுபட்டிருந்தால், 11.11.2025க்குள் தாக்கலாகும் அக்டோபர் மாத GSTR-1இல் சேர்க்க இயலுமா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> 2024-25 நிதியாண்டின் இன்வாய்ஸ்களுக்கு வரவு எடுக்கவும் திருத்தம் செய்யவும் 30.11.2025 கடைசி நாள் என்பதால் இந்தத் தேதிகளைக் குறிப்பிட்டுள்ளேன். இந்தத் தொகையை அக்டோபர் ரிட்டர்னில் எவ்வாறு கொள்வது என்பதை எங்கள் நிதி மேலாளர் முடிவு செய்ய வேண்டியிருப்பதால், அவருக்கும் இம்மடலின் நகலை அனுப்பியுள்ளேன்.
>
> தங்கள் ஆடிட்டருக்கு எங்கள் தரப்பிலிருந்து விவரம் ஏதும் தேவைப்பட்டாலோ, இதில் நடைமுறைச் சிரமம் ஏதும் இருந்தாலோ, என்னைத் தொலைபேசியில் அழைக்கலாம். இன்வாய்ஸ் நகலும் பணம் செலுத்திய விவரமும் இணைக்கப்பட்டுள்ளன.
>
> நன்றியுடன்,

உங்கள் அலுவலகத்தில் மடல்கள் ஆங்கிலத்தில்தான் போகும் என்றால் இதே வரிசையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காக்க வேண்டியது வாக்கியங்களின் வரிசையை.

இதில் கேட்டிருப்பது என்ன என்பதைக் கவனியுங்கள். "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிப்பது நம் அலுவலக மடல்களில் வழக்கம். பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் படிப்பவர் எதைச் செய்ய வேண்டும் என்று அது சொல்லாததால், "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்ற பதிலோடு விஷயம் மறுபடியும் கிடப்பில் போய்விடும். எந்த மாதம், எந்த எண் என்று கேட்டால் கணக்காளர் தன் ஆடிட்டரைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு இரண்டே சொற்களில் பதில் அனுப்பலாம். அந்தப் பதில் "விடுபட்டுவிட்டது" என்பதாக இருந்தாலும், அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமில்லாத ஒரு வழியை, "பதிவில் விடுபட்டிருந்தால்" என்ற தொடரின் மூலம் நீங்களே திறந்து வைத்திருக்கிறீர்கள்.

"நடைமுறைச் சிரமம்" என்ற தொடரையும் வெறும் உபசாரமாக எழுதிவிடாதீர்கள். சப்ளையர்கள் இப்படி நீண்ட காலம் மௌனமாக இருப்பதற்குப் பணமே காரணமாக இருப்பதுண்டு. மார்ச் மாத இன்வாய்ஸை வரிக் கணக்கிலேயே காட்டாமல் விட்டிருந்தால், இப்போது சேர்க்கும்போது அவர் ரூ. 75,600ஐயும் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியையும் செலுத்த வேண்டும். ஏப்ரல் 20இலிருந்து நவம்பர் 20 வரை கணக்கிட்டால் வட்டி மட்டும் கிட்டத்தட்ட ரூ. 8,000 வரும். தீபாவளி போனஸ் கொடுத்து முடித்த சிறிய பட்டறைக்கு அது சுமைதான். கணக்காளரால் அதை மடலில் எழுத முடியாது, தொலைபேசியில் சொல்லிவிடுவார். காரணம் தெரிந்துவிட்டால், அடுத்து எப்படி நகர்வது என்று நீங்களும் உங்கள் மேலாளரும் பேசி முடிவெடுக்கலாம்.

முடிவுரையில் வரக்கூடாதவை சில இருக்கின்றன. முந்தைய நினைவூட்டல்களின் கணக்கை அங்கே வைக்காதீர்கள். பழைய மடல்கள் அதே தொடரில் கீழே இருக்கின்றன, மேலாளர் பார்த்துக்கொள்வார். தேவை என்றால் மடலின் நடுவில் "இது குறித்து இன்னின்ன நாட்களில் எழுதியிருந்தோம்" என்று ஒரு வாக்கியத்தில் தேதிகளை மட்டும் தந்து நகர்ந்துவிடுங்கள். "இப்போதாவது", "ஒரு பதில்கூட", "மீண்டும் மீண்டும்" போன்றவை வேகமாக எழுதும்போது தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அனுப்புவதற்கு முன் வாய்விட்டு ஒருமுறை படித்தால் அவை காதில் இடறும். நீக்கிவிடுங்கள், பொருள் எதுவும் குறையாது.

பணத்தைப் பற்றிய எச்சரிக்கையையும் இந்த மடலில் வைக்காதீர்கள். "சரிசெய்யும் வரை அடுத்த பில்கள் நிறுத்தி வைக்கப்படும்" என்று எழுதத் தோன்றும், பலர் எழுதவும் செய்கிறார்கள். ஒன்று, அதன்பின் மற்ற வாக்கியங்கள் எதுவும் படிக்கப்படாது. இன்னொன்று, அதை உங்களால் நிறைவேற்ற முடியாமலும் போகலாம். சப்ளையர் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு பெற்ற உற்பத்தியாளர் என்றால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் அவருடைய பணத்தை நிறுத்தினால் சட்டப்படி வட்டி ஏறும். நிதியாண்டு முடிவில் அப்படி நிலுவையில் நிற்கும் தொகையை உங்கள் நிறுவனம் அந்த ஆண்டுச் செலவாக வருமான வரியில் காட்டவும் முடியாது. பர்ச்சேஸ் ஆர்டரிலேயே வரிப் பகுதியைப் பற்றிய நிபந்தனை இருந்தால், அதைப் பயன்படுத்துவதா என்ற முடிவு கொள்முதல் பிரிவுக்கும் நிதி மேலாளருக்கும் உரியது. அதற்குத் தனி மடல் போகட்டும்.

மடலை அனுப்புவதற்கு முன் இரண்டு தொலைபேசி அழைப்புகள் தேவை. மேலாளரிடம், நீங்கள் எழுதியிருக்கும் முடிவு உண்மையில் அவர் எடுக்கப்போகும் முடிவுதான் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் அவரே எல்லோருக்கும் பதில் அனுப்பி, "இது ஏன் இவ்வளவு தாமதம்?" என்று ஒரு வரியில் கேட்டுவிடுவார், உங்கள் முழு உழைப்பும் வீணாகிவிடும். கணக்காளரிடம், "மார்ச் இன்வாய்ஸைப் பற்றி இன்று ஒரு மெயில் வரும் சார், ரிட்டர்னுக்கு முன்னால் முடிவெடுக்க வேண்டியிருப்பதால் எங்கள் மேலாளரும் அதில் இருப்பார்" என்று சொல்லிவிடுங்கள். மேலாளரின் பெயரை முதல்முறையாக அவர் திரையில் பார்க்கும்படி விட்டுவிடக் கூடாது. சில நேரம் இந்த அழைப்பிலேயே விஷயம் முடிந்து, மடல் தேவைப்படாமலே போய்விடும்.

அனுப்பிய பிறகு வரும் பதிலை வைத்து மடல் எப்படிப் படிக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். மாதத்தையும் எண்ணையும் சொல்லி வந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. பதில் உங்களை விட்டுவிட்டு மேலாளரை விளித்து, தங்கள் நிறுவனத்தின் நேர்மையை விளக்கத் தொடங்கினால், எங்கோ ஒரு சொல் தைத்திருக்கிறது. அதற்கு எழுத்தில் விளக்கம் எழுதாமல், கணக்காளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இன்வாய்ஸ் எந்த மாதத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் திரும்புங்கள்.

"தாக்கல் செய்துவிட்டோம்" என்று பதில் வந்தவுடன் விஷயத்தை மூடிவிட வேண்டாம். தாக்கல் செய்தது, உடனுக்குடன் மாறும் GSTR-2A அறிக்கையில் தெரியும்; அங்கே ஒருமுறை பார்த்து, எண்ணும் தொகையும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். முந்தைய மாதத்தில் தாக்கல் செய்ததில் தவறு இருந்தால், நவம்பர் 11க்குள் தாக்கலாகும் அக்டோபர் மாத GSTR-1இல் சரிசெய்ய அவர்களுக்கு அவகாசம் இருக்கும். நவம்பர் 14 அன்று GSTR-2Bயில் வந்ததும், அதே மடல் தொடரில், அதே மேலாளர் சிசியில் இருக்க, எல்லோருக்கும் ஒரு வரி எழுதுங்கள்: "இன்வாய்ஸ் 1187 எங்கள் GSTR-2Bயில் வந்துவிட்டது, உடனே கவனித்துச் சரிசெய்து தந்தமைக்கு நன்றி." மேலாளர் முன்னிலையில் எழுந்த விஷயம் மேலாளர் முன்னிலையிலேயே முடிந்ததாக அந்தக் கணக்காளருக்குத் தெரிய வேண்டும். வராமல் போனால், இந்தத் தொடரில் நீங்கள் மறுபடியும் எழுத வேண்டாம். நவம்பர் 14 மாலையே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள், அவர் சப்ளையரின் உரிமையாளரிடம் நேரடியாகப் பேசட்டும்.